மஞ்சளை ஒடித்துப் பாருங்கள்

தூளில்தான் கலப்படம், முழு மஞ்சள் வாங்கினால் பயமில்லை என்று நம் பீடோர் ஊரிலும் பலர் நம்புகிறோம். வங்காளதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காக, கிழங்கை மெருகேற்றும்போதே ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசத் தொடங்கினார்கள். அந்தப் பளபளப்பு வாங்குவோருக்குப் பிடித்துப்போக, வழக்கம் நிலைத்துவிட்டது. 2019-இல் சந்தை மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் அந்தச் சாயம் இருந்தது. அரசு சோதனையும் அபராதமும் வந்தபின், 2021-இல் ஒன்றிலும் இல்லை. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே கிழங்கை ஒடித்துப் பாருங்கள். நல்ல மஞ்சளுக்குத் தோல் மங்கல், உள்ளேதான் நிறம். தோலே பளிச்சென்று மின்னினால் வாங்காதீர்கள்.

அடுத்து, மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவும்போது சிவப்புக் கோடு இறங்கினால் சாயம் இருக்கிறது. இறங்காவிட்டாலும் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஏனெனில் கலப்படத்தில் சேரும் சூடான் என்ற சாயம் எண்ணெயில்தான் கரையும். காம்புள்ள முழு மிளகாயை வாங்கி, காயவைத்து அரைப்பதே மேல்.

மல்லியை இரு விரலால் நசுக்குங்கள். மணம் எழாவிட்டால் அது பழசு. நல்லதாகப் பார்த்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.