நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி: மூன்று மாதம் கழித்து ஏன் வரச் சொல்கிறார்கள்?

(தோட்டச் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருமலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போகும் சிலருக்குச் சுவாசப்பையில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்பி சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். பிறகு "மூன்று மாதம் கழித்து வாங்க" என்று திகதி போட்டுக் கொடுக்கிறார்கள். "பெரிய வருத்தம் என்றால் அனுப்பியிருப்பாங்களா?" என்று சிலர் அந்தத் திகதியை விட்டுவிடுகிறார்கள். சிலரோ "புற்றுநோயாம், மறைக்கிறாங்க" என்று சாப்பாடில்லாமல் படுத்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழை. அந்த மூன்று மாதமும் ஒரு பரிசோதனைதான். அதை இன்று விளக்குகிறோம்.

சுவாசப்பைக்குள் தனியாக நிற்கும், மூன்று சென்ரிமீட்டருக்கு மேற்படாத உருண்டையைத்தான் புள்ளி என்கிறோம். அது பழைய காசநோய் ஆறிய தழும்பாக இருக்கலாம். இப்போது இருக்கும் காசநோயாக இருக்கலாம். வேறு கிருமியாகவும் இருக்கலாம். புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். படத்தில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும்.

டாக்டர்மார் சில அடையாளங்களைப் பார்க்கிறார்கள். புள்ளி பெரிதாகப் பெரிதாகச் சந்தேகமும் கூடும். ஓரம் வழுவழுப்பாக இருந்தால் ஓரளவு ஆறுதல். ஓரத்திலிருந்து முள் முள்ளாகக் கோடுகள் வெளியே போனால் புற்றுநோய்ச் சந்தேகம். புள்ளி முழுக்கவோ நடுவிலோ சுண்ணாம்பு படிந்திருந்தால் அது பெரும்பாலும் ஆறிப்போன பழைய நோய். பக்கத்தில் குஞ்சுப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் காசநோய்ப் பக்கம் சாயும். வயதும், பீடி சுருட்டுப் பழக்கமும் கணக்கில் சேரும். ஆனால் சுவாசப்பையின் மேல்பகுதி இரண்டு நோய்க்குமே பிடித்த இடம். சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதனால் ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது பல சமயம் கஷ்டம்.

அப்படியானால் எதை நம்புவது? வளர்ச்சியை. கிருமிப் புண் சில நாட்களிலோ வாரங்களிலோ சட்டென்று பெருக்கும், அல்லது சுருங்கும். பழைய தழும்பு வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். புற்றுநோய் நடுவிலே நிற்கிறது. அது இரட்டிப்பாகப் பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் வரை எடுக்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கலஹாப் பக்கம் 58 வயதுத் தொழிலாளி, நெடுநாள் பீடிப் பழக்கம். புள்ளி 10 மில்லிமீட்டர், ஓரம் வழுவழுப்பு, சளியில் கிருமி இல்லை. மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் புற்றுநோய் என்றே வைத்தாலும், ஒரு வாரத்தில் அதன் குறுக்களவு கால் மில்லிமீட்டர்கூடக் கூடாது. ஸ்கேனில் அளக்கும்போதே ஒரு மில்லிமீட்டர் முன்பின் வரும். அடுத்த வாரமே படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்தில் அதே புள்ளி சுமார் 13 மில்லிமீட்டராகும். "மூன்று மில்லிமீட்டர்தானே" என்று நினைக்க வேண்டாம். உருண்டையின் குறுக்களவு கால்வாசி கூடினாலே மொத்தக் கனம் இரட்டிப்பாகிவிடும்.

மூன்று மாதத்தில் அவருக்கு 13 என்று வந்தால் ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். 6 ஆகச் சுருங்கினால் கிருமியாக இருக்கவே கூடுதலான இடமுண்டு. மாற்றமே இல்லாவிட்டால் அதுவும் முடிவல்ல. மெதுவாக வளரும் புற்றுநோய் மூன்று மாதத்தில் பிடிபடாது. அதனால்தான் திரும்பவும் வரச் சொல்கிறார்கள். கெட்டியான புள்ளி இரண்டு வருஷம் அசையாமல் இருந்தால் சாதாரணமாகத் தொடர்ந்து பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். பனிமூட்டம் போல மங்கலாகத் தெரியும் புள்ளிக்கு ஐந்து வருஷம் வரைகூடப் பார்ப்பார்கள், அது மிக மெதுவாக வளரும் என்பதால்.

முதல் படமே அதிகச் சந்தேகமாக இருந்தால் காத்திருக்காமல் உடனே ஊசிப் பரிசோதனைக்குச் சொல்வார்கள். அதற்கு மறுக்காதீர்கள்.

இன்னொன்று. மாத்திரை குடித்ததும் இருமல் குறைந்தால் புள்ளியும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. புற்றுநோய் மூச்சுக்குழாயை அடைத்து, அதன் பின்னால் சளிக்காய்ச்சல் வருவதுண்டு. மருந்துக்குக் காய்ச்சல் மாறும், கட்டி அங்கேயே இருக்கும்.

பழைய எக்ஸ்ரே படம், அது பத்து வருஷத்துக்கு முந்தியதாக இருந்தாலும், வீசாதீர்கள். அதே இடத்தில் அதே அளவுப் புள்ளி அன்றும் இருந்திருந்தால் பல பரிசோதனைகள் மிச்சமாகலாம். ஒரு நாள் பேர் போனாலும் கொடுத்த திகதிக்குப் பழைய படம், கிளினிக் புத்தகம் எல்லாவற்றோடும் போங்கள். சளியில் இரத்தம் வந்தாலோ, உடம்பு மெலிந்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ அந்தத் திகதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே தோட்ட டிஸ்பென்சரிக்கோ, கண்டி மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள்.