புழுங்கலரிசி தின்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

காரணம் காணும் முறைகளைப் பற்றிய கருத்தரங்குக்குத் தலைமை தாங்குபவர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1843இல் வெளிவந்த தருக்க நூலில் அவர் வகுத்த முறைகளை நீங்கள் எல்லோரும் மாணவராக இருந்தபோதே படித்திருப்பீர்கள். ஒரு விளைவு நிகழ்ந்த பல இடங்களிலும் பொதுவாக இருந்தது எது என்று தேடுவது ஒற்றுமை முறை. விளைவு நிகழ்ந்த இடத்தையும் நிகழாத இடத்தையும் அருகருகே வைத்து, வேறாக இருந்த ஒன்றே ஒன்று எது என்று தேடுவது வேற்றுமை முறை. வரையறைக்கு இவ்வளவு போதும். பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது இவை எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதை ஒரே ஒரு வழக்கை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நூறாண்டுக்கு முன் மலாயாவில் ஆட்களைக் கொன்ற பெரிபெரி நோய்தான் அந்த வழக்கு.

பெரிபெரி வந்தவருக்கு முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கி, இதயம் தளர்ந்து, சில நாள்களிலேயே உயிர் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இது சிறைகளிலும் சுரங்கக் குடியிருப்புகளிலும் கப்பல்களிலும் கூட்டங் கூட்டமாக வந்தது. கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூட்டமாக வரும் நோய் என்றால் தொற்றுநோய்தான் என்று மருத்துவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய லியனார்ட் பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளருக்கு நோய் மிகுதியாக வருகிறது. அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைக்கும் தமிழருக்கு அநேகமாக வருவதே இல்லை. அவரிடத்தில் நாம் இருந்திருந்தால் எத்தனை வேறுபாடுகளை எழுதியிருப்போம்? சீனர் பலர் ஈயச் சுரங்கத்தில் இருந்தார்கள், தமிழர் பலர் தோட்டத்தில். குடியிருப்பு வேறு, சமையல் வேறு. ஒருவர் அபின் புகைத்தார், மற்றவர் கள் குடித்தார். இவர் குழம்பில் புளியும் மிளகாயும், அவர் சட்டியில் பன்றிக் கொழுப்பு. வேற்றுமை முறைக்கு ஒரே ஒரு வேறுபாடு வேண்டும். இங்கே இருபது வேறுபாடுகள் கிடக்கின்றன. இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துப் புளிதான் தமிழரைக் காத்தது என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரை மறுக்க யாராலும் முடிந்திருக்காது.

பிராடன் அரிசியைப் பிடித்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. அவர் இதோடு நிறுத்தியிருந்தால் அரிசியும் இருபதில் ஒன்றாகவே நின்றிருக்கும். மூன்றாவதாக அவர் மலாய்க்காரரைச் சேர்த்துக்கொண்டதுதான் சிறப்பு. கிராமத்து மலாய்க்காரர் உண்டதும் பச்சரிசியே. ஆனாலும் அவர்களுக்கு நோய் அரிது. ஆகவே ‘பச்சரிசி’ என்ற தலைப்பின்கீழ் எல்லோரையும் எழுதினால் அட்டவணை உடைந்துவிடும். அந்தத் தலைப்பைத்தான் பிரித்தாக வேண்டும். மலாய்க்காரர் நெல்லை வீட்டிலேயே வைத்திருந்து, அவ்வப்போது உலக்கையால் குத்திச் சமைத்தார்கள். கைக்குத்தல் அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அரிசியும் புதிது. சீனருக்கு வந்ததோ வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டு, மூட்டையில் பல வாரம் கிடந்த அரிசி.

நோய் வராத இரு கூட்டத்தாருக்கும் பொதுவானது எது என்று இப்போது ஒற்றுமை முறையைக் கேட்டால் அது இரண்டு விடைகளைக் காட்டுகிறது. ஒன்று, அரிசி பழசாகிக் கெடவில்லை. மற்றொன்று, தவிட்டோடு இருக்கும் ஏதோ ஒன்று அரிசியில் தங்கியிருந்தது. புழுங்கலரிசியைத் தீட்டினாலும் அதன் சத்தில் பெரும்பகுதி தங்கிவிடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே அது மேலுறையிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதைப் பிராடன் அறிந்திருக்க வழியில்லை. அவர் முதல் விடையை எடுத்தார். பழைய பச்சரிசியில் பூஞ்சை போன்ற எதனாலோ நஞ்சு உண்டாகிறது, அவித்த நெல்லில் அது உண்டாவதில்லை என்றார். அவர் நோயின் இடத்தைச் சரியாகக் காட்டியவர், நோயின் தன்மையைத் தவறாகச் சொன்னவர். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் காண்பதால்தான் இந்த வழக்கு எனக்குப் பிடிக்கும்.

அடுத்தவர் வில்லியம் ஃபிளெட்சர். கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் விடுதியின் மருத்துவர். அரிசிதான் காரணம் என்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1905இன் கடைசியில் அவர் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்குக் கூடத்துக்குப் போய் வழக்கமான சயாம் பச்சரிசியையே உண்டார்கள். இரட்டைப்படை எண்காரர்களுக்கு மேற்குக் கூடமும் இந்தியப் புழுங்கலரிசியும். மற்ற உணவெல்லாம் இரு கூடத்திலும் ஒன்றே.

இருபது வேறுபாடுகள் இப்போது எங்கே போயின? அவை போகவில்லை, இரண்டு பக்கமும் கலந்து பரவிவிட்டன. ஒவ்வொரு கூடத்திலும் சீனரும் உண்டு, தமிழரும் உண்டு, நலிந்தவரும் உண்டு, திடமானவரும் உண்டு. யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு ஒட்டிக்கொண்டே இருந்தது: கூடம். கிழக்குக் கூடத்துத் தரையிலோ சுவரிலோ கிருமி இருந்தால் என்ன செய்வது? அதற்காக இடையில் இரு கூட்டத்தாரையும் கூடம் மாற்றி வைத்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போனது. ஓராண்டு முடிவில் பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அந்தப் பக்கம் நோய் கண்டவர்கள் இருவர், அந்த இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். சம்மதம் கேட்கப்படாத மனிதர்கள் மீது இது செய்யப்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நான்காவது, ஐந்தாவது மரணத்திலேயே நிறுத்தியிருக்கலாகாதா என்ற கேள்விக்கு எனக்குச் சமாதானமான விடை கிடைத்ததில்லை.

வேற்றுமை முறை இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. இருந்தும் ஃபிளெட்சரின் முடிவுரையைப் படியுங்கள். பச்சரிசி நேராகவோ மறைமுகமாகவோ ஒரு காரணம் என்கிறார். அதற்கு மேல் மூன்று வழிகளைத் திறந்தே வைக்கிறார்: அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதக் குறைவாக இருக்கலாம், அந்த அரிசி உடலை நலிவாக்க, பிறகு ஏதோ ஒரு கிருமி புகலாம். இதைத் தயக்கம் என்று நான் எண்ணவில்லை. அவருடைய சோதனை எதைப் பிரித்ததோ அதை மட்டும் சொன்னார். அவர் மாற்றியது ‘பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி’ என்ற முழு மூட்டையை. மூட்டைக்குள் இருப்பவற்றை அந்தச் சோதனை பிரிக்கவில்லை.

இதே இடத்தில் தடுக்கி விழுந்த பெரியவர் ஒருவர் உண்டு. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ. ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலின் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். 1884இல் அதே வழியில் சுகுபா என்ற கப்பலை உணவை மாற்றி அனுப்பினார். ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் அவர் இறைச்சி, பால், தானியம் என்று பலவற்றை ஒரே வேளையில் மாற்றியிருந்தார். புரதம் கூடியதால்தான் நோய் போயிற்று என்று முடிவு கட்டினார். கடற்படை பிழைத்தது, விளக்கம் பிழைக்கவில்லை.

மலாயாவில் மூட்டையைப் பிரித்தவர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும். 1907இல் நெகிரி செம்பிலானின் துரியான் திப்புஸில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரண்டாகப் பிரித்து, ஃபிளெட்சரின் ஒப்பீட்டை மறுபடி செய்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பக்கம் மாறியது. பிறகு அவர்கள் கோழிகளுக்குப் போனார்கள். தீட்டிய அரிசியை மட்டும் தின்னும் கோழிக்குக் கால் முடங்கும் என்பதை ஜாவாவில் ஐக்மன் முன்பே கண்டிருந்தார். ஸ்டான்டனும் ஃபிரேசரும் அப்போதுதான் தீட்டிய புத்தரிசியைக் கொடுத்தார்கள், கோழி முடங்கியது. பிராடனின் ‘பழசு’ என்ற விடை அதோடு விழுந்தது.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புழுங்கலரிசியைச் சாராயத்தில் ஊறவைத்து, அதில் கரைவதை வடித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய அரிசியைக் கோழிக்குப் போட்டார்கள். நோயே தராத புழுங்கலரிசி நோய் தந்தது. பச்சரிசியில் நஞ்சு இருக்கிறது என்ற கருத்தால் இதை விளக்க முடியாது, ஏனென்றால் இங்கே எதுவும் சேர்க்கப்படவில்லை, எடுக்கப்பட்டிருக்கிறது. தவிட்டிலிருந்து வடித்ததைக் கொடுத்தால் கோழி நோயின்றி இருந்தது. காரணம் என்பது இருந்த ஒன்று அல்ல, இல்லாமற்போன ஒன்று. ஜாவாவில் கிரைன்ஸ் 1901லேயே இதைச் சொல்லிவிட்டார். அந்தப் பொருளுக்கு இன்று தயமின் என்று பெயர்.

அட்டவணையைப் பொறுத்தவரை ‘வெள்ளை அரிசி உண்டு’ என்பதும் ‘தவிடு இல்லை’ என்பதும் ஒரே கட்டத்தில் ஒரே குறிகளைத்தான் பெறும். இரண்டு முறைகளாலும் அவற்றை வேறுபடுத்த முடியாது. ஆனால் முதல் தலைப்பை எழுதியவர் நஞ்சைத் தேடுவார், இரண்டாவதை எழுதியவர் சத்தைத் தேடுவார். ஐக்மன்கூட நெடுநாள் மாவில் ஒரு நஞ்சும் தவிட்டில் அதற்கு மாற்றும் இருப்பதாகவே நினைத்தார். காரணிகளாக நாம் எழுதுவது பெரும்பாலும் உள்ளவற்றை. இல்லாதவற்றுக்குத் தலைப்புப் போடுவது கைக்குச் சுலபமாக வருவதில்லை.

‘நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பச்சரிசி தின்கிறார்களே, அவர்களுக்கு ஏன் வரவில்லை?’ என்று யாரேனும் கேட்கக்கூடும். பருப்பிலும் பயறிலும் தயமின் உண்டு. அரிசியே பெரும்பங்காகவும் மற்றவை பேருக்காகவும் இருந்த இடங்களில்தான் அது உயிரைப் பறித்தது. பழைய சென்னை மாகாணத்திலேயே தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் இல்லை. ஆகவே ‘பச்சரிசி பெரிபெரியைத் தரும்’ என்ற வாக்கியம் கோலாலம்பூர் விடுதியின் உணவுப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால்தான் உண்மை. விடுதியில் மற்ற உணவு போதுமான அளவு இருந்திருந்தால் ஃபிளெட்சர் இரு கூடத்திலும் ஒரே எண்ணிக்கையைப் பார்த்திருப்பார், அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதியிருப்பார். அந்தச் சோதனையில் குறையும் இருந்திருக்காது.

முதல் அமர்வில் கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஒப்பீட்டில் எது மாறியது என்பதோடு, எது இரு பக்கமும் மாறாமல் ஒரே அளவில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். ஒரு தலைப்பை நீங்கள் பிரித்திருந்தால், எந்த மூன்றாவது கூட்டம் உங்களை அப்படிப் பிரிக்க வைத்தது என்பதையும் சொல்லுங்கள். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அமர்வைத் தொடங்கலாம்.