சங்கம் கூடியதும் பிரிந்ததும்

(ஆண்டு விழாவில், கல்லூரி மாணவர்களுக்கென ஆற்றிய உரை)



நம் சாங்வியிலிருந்து பழைய மும்பைச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால், லோணாவளாவுக்குச் சற்று முன்னே கார்லே குகைகள் உள்ளன. அங்குள்ள இரண்டு கல்வெட்டுகளைக் கொண்டே இன்றைய பொருளைத் தொடங்கலாம். நகபானனின் மருமகன் உஷவதாதன் குகைவாழ் துறவியர்க்கு ஓர் ஊரை அளித்தபோது, அதை ‘நாற்றிசைச் சங்கத்துக்கு’ என்று பொறித்தான். பின்னர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், சாதவாகன மன்னன் புலுமாவியின் 24ஆம் ஆட்சியாண்டில், ஹரபரணன் என்னும் இல்லறத்தான் ஒன்பது அறைகள் கொண்ட மண்டபத்தை ‘மகாசாங்கிகர்’ உடைமையாக அளித்தான். முன்னது எத்திசைத் துறவியர்க்கும் உரியது. பின்னது ஒரு பிரிவின் உடைமையாகக் குறிக்கப்பட்டது. இப்பிரிவு எவ்வாறு தோன்றிற்று?

முதலில் காலவரிசையைக் காண்போம். புத்தர் மறைந்த உடனே இராசகிருகத்தில் 500 துறவியர் கூடினர். மகாகாசியபர் தலைமை தாங்கினார். உபாலி ஒழுக்க விதிகளாகிய வினயத்தையும், ஆனந்தர் அறவுரைகளையும் ஓதினர். அதுவே முதற் பேரவை. நூறு ஆண்டுகளுக்குப் பின் வைசாலியில் 700 துறவியர் கூடியது இரண்டாவது. அசோகர் காலத்தில், கி.மு. 250 அளவில், பாடலிபுத்திரத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் கூடியது மூன்றாவது என்று இலங்கை மரபு கூறும். பிற மரபுகள் இதனைக் குறிப்பதில்லை.

இங்கு மாணவர்கள் ஓர் எச்சரிக்கை கொள்ள வேண்டும். புத்தர் மறைவுக்கும் அசோகர் முடிசூட்டுக்கும் இடையே 218 ஆண்டுகள் என்பது இலங்கைக் கணக்கு. ஏறத்தாழ 100 ஆண்டுகள் என்பது வடபுலத்துக் கணக்கு. ஆகவே முதலிரு பேரவைகளுக்குக் கி.மு. ஆண்டை உறுதியாக எழுதாமல், ‘மறைவுக்குப் பின் இத்தனை ஆண்டு’ என்று எழுதுவதே முறை.

இனி வைசாலியின் வழக்கைப் பார்ப்போம். யசர் என்னும் துறவி அந்நகருக்கு வந்தார். நோன்பு நாளில் அவ்வூர்த் துறவியர் ஒரு வெண்கலக் கலத்தில் நீர் நிரப்பி வைத்து, சங்கத்துக்குக் காசு இடுமாறு மக்களைக் கேட்பதைக் கண்டார். ‘இடாதீர்கள், துறவிக்குக் காசு ஆகாது’ என்று மக்களிடம் கூறினார். திரண்ட காசில் அவருக்கும் ஒரு பங்கை நீட்டினர், அவர் மறுத்தார். உடனே, மக்களைப் புண்படுத்தியதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்குமாறு அவருக்கு ஆணையிட்டனர். அவரோ மக்களிடம் சென்று விதியை விளக்கி, அவர்களைத் தம் பக்கம் திருப்பிவிட்டார். பின்னர் அவர் மேற்குத் திசைத் துறவியரைத் திரட்டினார். கொம்பில் உப்பைச் சேமித்து வைத்தல், பொன் வெள்ளி ஏற்றல் முதலிய பத்துச் செய்திகள் வழக்கிற்கு வந்தன. கூட்டத்தில் பேச்சு வளர்ந்து முடிவு காணாததால், கிழக்கிலிருந்து நால்வரும் மேற்கிலிருந்து நால்வருமாக எண்மர் குழு அமைத்தனர். இரேவதர் ஒவ்வொன்றாக வினவ, மூத்தவராகிய சப்பகாமி விடை பகர்ந்தார். ஆசிரியர் வழக்கத்தைப் பின்பற்றுதல் மட்டும் சில வேளை தகும், சில வேளை தகாது, எஞ்சியவை விலக்கப்பட்டன.

தோற்றவர்கள் பிரிந்து சென்று மகாசாங்கிகர் ஆயினர் என்று இலங்கையின் தீபவம்சம் கூறுகிறது. பல பாடநூல்களும் அதையே எழுதுகின்றன. ஆனால் நிகழ்ச்சியை விரித்துரைக்கும் பாலி வினய நூலில் பிரிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனினும் வலிய சான்று ஒன்று உண்டு: மகாசாங்கிகரின் சொந்த வினயமும் வைசாலிப் பேரவையைக் கூறி, துறவி காசு ஏற்பதைக் கண்டிக்கிறது. காசுக்காகப் பிரிந்தவர்கள் தங்கள் விதிநூலில் காசை விலக்கியிருப்பார்களா?

அவர்கள் தரப்பு வரலாறு வேறு. மூத்தோர் சிலர் பழைய வினயத்தில் புது விதிகளைச் சேர்க்க முயன்றனராம். பூசல் அரசனிடம் சென்றதாம். கருப்பும் வெள்ளையுமான குச்சிகளால் வாக்கெடுக்க, பழைய வினயத்தை விரும்பியோரே மிகப் பலர்; ஆதலால் ‘பெருஞ்சங்கத்தார்’ என்னும் பெயர் பெற்றனராம். சிறுபான்மையோர் ‘ஸ்தவிரர்’, அதாவது மூத்தோர். சர்வாஸ்திவாதிகளோ, முற்றும் உணர்ந்த அருகரிடமும் குறையுண்டு என்று மகாதேவர் கூறிய ஐந்து கருத்துகளே காரணம் என்பர். 1977இல் நாட்டியர், பிரெபிஷ் என்னும் அறிஞர் இருவர், பிரிவு வைசாலிக்குப் பின் ஏற்பட்டது. விதிகளைப் பெருக்கியதே அதன் காரணம் என்று வாதிட்டனர்.

பிரிவு மெய்யான அச்சமாய் இருந்ததற்கு அசோகரே சாட்சி. சாரநாத், சாஞ்சி, கோசாம்பி ஆகிய இடங்களின் கல்வெட்டுகளில், சங்கத்தைப் பிளக்கும் துறவிக்கு வெள்ளாடை உடுத்தி வேறிடத்தில் குடியிருத்த வேண்டும் என்று ஆணையிட்டார். துவராடை களைந்தால் அவன் துறவியல்லன். அத்தனைக்குப் பின்னும் பிரிவுகள் பெருகின. மரபு அவற்றைப் பதினெட்டு என எண்ணும்.

ஆகவே தேர்வில் ‘பிரிவின் காரணம் யாது?’ என்ற வினா வந்தால், எந்த நூல், எந்தப் பிரிவாரின் நூல், என்ன கூறுகிறது என்று பகுத்து எழுதுங்கள். வென்றவர், தோற்றவர் இருதரப்பும் தத்தம் கதையில் பழைமையைக் காத்தவர்களாகவே நிற்கின்றனர். அவர்கள் வழக்கின் முடிவு எதுவாயினும், அதன் விளைவை மட்டும் ஐயமின்றிக் காணலாம்: கார்லே மண்டபம் ஒரு பிரிவின் பெயரால் உடைமையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. விடுமுறையில் நண்பர்களோடு சென்று அக்கல்லைப் பாருங்கள்.