அடிமனத்தின் கோடுகள்



பொங்கல் நாளில் முற்றத்தில் புள்ளிக் கோலம் இடுபவர் முதலிற் புள்ளிகளை எண்ணி வைக்கிறார். கோடு எங்கே வளைய வேண்டும், எங்கே வந்து முடிய வேண்டும் என்பவற்றையெல்லாம் விரல் நகருமுன்பே அறிவு தீர்மானித்து விடுகிறது. இதற்கு நேர்மாறாக, அறிவு தீர்மானிக்குமுன் கையை ஓடவிட்டால் என்ன தோன்றும்? சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் பாரிஸ் நகரத்து ஓவியர் சிலர் கேட்ட கேள்வி இது. அவர்களது இயக்கத்தைச் சர்ரியலிசம் என்பர்.

அதன் கொள்கை அறிக்கையை 1924இல் வெளியிட்டவர் ஆந்த்ரே பிரெத்தோன் என்னும் கவிஞர். மருத்துவம் பயின்ற அவர், முதலாம் உலகப் போரின்போது மனம் பாதிக்கப்பட்ட போர்வீரரிடையே பணியாற்றினார். மறைந்து கிடக்கும் விருப்பங்களும் அச்சங்களும் கனவில் உருமாறி வெளிப்படுகின்றன என்ற பிராய்டின் கருத்து அவரை ஆட்கொண்டது. அந்த அடிமனத்தை ஓவியத்திற் கொணர இருவழிகள் தோன்றின. ஒன்று, கண்ட கனவை நினைவுகூர்ந்து நுணுக்கமாகத் தீட்டுவது. சல்வடோர் டாலி 1931இல் வரைந்த உருகி வழியும் கடிகாரங்கள் இவ்வகையின. அங்கே கனவு விசித்திரமானது. தூரிகையோ முழுக் கட்டுப்பாட்டில் இருப்பது. மற்றது, வரையும் செயலிலேயே கட்டுப்பாட்டைத் தளர்த்துவது. இதனைத் தன்னியக்க வரைதல் எனலாம்.

இவ்வழியில் முன்னின்றவர் ஆந்த்ரே மாஸோன். அவர் பொருள் எதனையும் கருதாமல், வெள்ளைத் தாளில் மைப் பேனாவை விரைந்து ஓடவிட்டார். திருத்துவதற்காகக் கை நிற்பதில்லை. கோடுகள் சுற்றிப் பின்னிச் செல்லச் செல்ல, அவற்றினூடே ஒரு விரலோ, பறவையின் சிறகோ, மீனோ தென்படும். அதன்பின்னரே அவர் ஓரிரு கோடுகளைச் சேர்த்து அவ்வுருவைத் தெளிவாக்குவார். ஆகவே இம்முறையில் இரு கட்டங்கள் உண்டு. முதலாவதிற் கை ஓடுகிறது. இரண்டாவதிற் கண் அடையாளம் காண்கிறது. இதை மாஸோனே ஒப்புக்கொண்டவர்.

இங்கேதான் இடர்ப்பாடு. பயின்ற கைக்குப் பழக்கம் உண்டு. அறிவு விலகி நின்றாலும், பழகிய வளைவுகளையே கை மீண்டும் மீண்டும் இடும். அடிமனம் பேசுகிறதா, பழக்கம் பேசுகிறதா என்று பிரித்தறிவது கடினமாகி விடும். இதிலிருந்து தப்ப, 1926ஆம் ஆண்டளவில் மாஸோன் மணலை நாடினார். துணியைக் கிடையாக வைத்து, அதன்மேற் பசையை மனம்போனபடி ஊற்றி, மணலைத் தூவி, பின்பு சரித்து உதறினார். பசையுள்ள இடத்தில் மட்டும் மணல் நின்றது. அந்தத் திட்டுகள் எழுப்பிய சாயலுக்கு ஏற்பச் சில கோடுகளும் சிறிது வண்ணமும் சேர்த்தார். இவ்வாறு பிறந்ததே, இன்று நியூயோர்க் நவீனக் கலைக்கூடத்திலுள்ள ‘மீன்களின் போர்’. மணல் விழும் இடத்தைக் கை முன்கூட்டி ஆள முடியாது. எனினும் அதிலே மீனைக் கண்டது மாஸோனின் கண்ணே.

இதே காலத்தில், இவ்வியக்கத்துடன் தொடர்பின்றி, நம் அயல்நாட்டுக் கவிஞர் ஒருவரது கையும் இத்தகையதொரு வழியிற் சென்றது. இரவீந்திரநாத தாகூர் 1924இன் இறுதியில் நோயுற்று ஆர்ஜென்டினாவில் தங்கியிருந்தார். அப்போது அவர் எழுதிய ‘பூரபி’க் கவிதைகளின் கையெழுத்துப் படியில், வேண்டாத சொற்களை வெறுமனே அடித்துவிடவில்லை. அடித்தவற்றை மையினால் நிரப்பி, ஒன்றையொன்று கோடுகளால் இணைத்தார். அலகு நீண்ட பறவைகளும், பெயரறியா விலங்குகளும் வரிகளுக்கிடையே எழுந்தன. அவருக்கு இடமளித்த விக்தோரியா ஒக்காம்போ அவற்றைக் கண்டு வியந்தார். 1930இல் அவரது முயற்சியாலேயே தாகூரின் ஓவியங்கள் பாரிஸிற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இருவரையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். மாஸோன் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கினார். தாகூரோ, விழிப்பான அறிவு வேண்டாமென்று தள்ளிய சொல்லிலிருந்து தொடங்கினார். சொல்லை அடித்தது அறிவு; அடித்த இடத்தை விலங்காக்கியது கையின் தாளம். கட்டுப்பாடும் அதன் தளர்வும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆகவே, தன்னியக்க வரைதல் அறிவை முற்றாக அகற்றியது என்று சொல்வதற்கில்லை. அறிவின் முறையை அது பின்தள்ளியது. முதலில் வருவதை இரண்டாவதாக வரச்செய்தது. அத்தகைய ஓவியமொன்றைக் காணும்போது, இது என்ன உருவம் என்று உடனே வினவாது, கோடு தடையின்றி ஓடிய இடம் எது, கண் கண்டுகொண்டபின் சேர்த்த கோடு எது என்று தேடிப் பாருங்கள். அவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் அவ்வோவியம் பிறந்திருக்கிறது.