வாசிக்கிற மொழி எது?

இன்னைக்கு எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

எங்க தாத்தா பாஞ்சாலங்குறிச்சியில இருக்கார். பார்க்கின்சன் நோய். பகல் முழுக்க அவரைப் பார்த்துக்க ஒரு அக்கா வர்றாங்க. நான் சென்னையில இருந்து தினசரி வேலைகளை ஆங்கிலத்துல டைப் செஞ்சு வாட்ஸப்ல அனுப்பினேன். மாத்திரைச் சீட்டும் ஆங்கிலம்தானே, ஒத்துப்போகும்னு நினைச்சேன்.

ரெண்டு வாரத்துல தாத்தாவுக்கு மத்தியானம் உடம்பு இறுகிப் போக ஆரம்பிச்சது. நோய் முத்திருச்சு, மருந்தைக் கூட்டச் சொல்லணும்னு முடிவே பண்ணிட்டேன். லீவுல ஊருக்குப் போய் ஒரு நாள் கூடவே உட்கார்ந்து பார்த்தப்பதான் புரிஞ்சது. 12 மணி மாத்திரையை அக்கா சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு டம்ளர் பாலோட கொடுத்தாங்க.

தாத்தா சாப்பிடுறது லெவோடோபா. பால், பருப்பு, முட்டையில இருக்கிற புரதமும் இந்த மருந்தும் குடல்ல ஒரே வழியிலதான் உள்ளே போகும். ரெண்டும் சேர்ந்து வந்தா மருந்து பின்தங்கிடும். அதனாலதான் டாக்டர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுக்கச் சொல்லியிருந்தார். என் குறிப்புல அது 'எம்ப்டி ஸ்டமக்'னு இருந்தது.

அக்கா வீட்ல தெலுங்கு பேசுவாங்க. இந்தப் பக்கம் நிறைய குடும்பங்கள்ல அப்படித்தான். அதனால ஒரு நண்பர்கிட்ட சொல்லி தெலுங்குல எழுதி வாங்கினேன். அக்கா வாங்கி மரியாதையா மடிச்சு வச்சுக்கிட்டாங்க. "கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்கக்கா"ன்னு கேட்டப்பதான் சிரிச்சாங்க: "தம்பி, நான் படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம். தெலுங்கு பேச வரும், எழுத்து தெரியாது."

பேசுற மொழியைக் கேட்டேன், வாசிக்கிற மொழியைக் கேட்கல.

அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து தமிழ்ல எழுதினோம். ஒரு வரிக்கு ஒரு வேலை:

பகல் 11.45 – கை கழுவி, தண்ணீர் எடுத்து வைக்கவும்.
பகல் 12.00 – 'அ' டப்பாவில் ஒரு மாத்திரை. தண்ணீர் மட்டும். பால், காபி வேண்டாம்.
பகல் 12.30 – சாப்பாடு. நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டவும். முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம்.
மாத்திரை மறந்துபோனால் – இரண்டாகக் கொடுக்க வேண்டாம். எனக்குப் போன் செய்யவும்.

முதல்ல 'மஞ்சள் மாத்திரை'ன்னுதான் எழுதியிருந்தேன். அக்காதான் தடுத்தாங்க: "கடையில வேற கம்பெனி கொடுத்தா நிறம் மாறிடுமே தம்பி." அதனாலதான் டப்பாவுல எழுத்து ஒட்டினோம். டப்பாவை நிரப்புறது சீட்டைப் படிக்கத் தெரிஞ்ச சித்தப்பா.

கடைசியா அக்காவை வாசிக்கச் சொல்லாம, "12 மணிக்கு என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்டேன். தண்ணியை மட்டும் எடுத்தாங்க. அப்பதான் எனக்கு நிம்மதி.

மருந்தைக் கூட்டவே இல்ல. சில நாள்லயே மத்தியான இறுக்கம் குறைஞ்சது. டாக்டர் நேரத்தை மாத்தினா பழைய தாளைக் கிழிச்சிட்டு, தேதி போட்டுப் புதுசா எழுதுறோம். சுவத்துல எப்பவும் ஒரே தாள்தான்.