சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

கோயில் குழுப் பெரியவர்களே, தாய்மார்களே, சுவரொட்டி ஒட்டப் போகிற தம்பிமார்களே!

போன ஆடியில் இதே அம்மன் கோயில் வளாகத்தில் ரத்ததான முகாம் நடத்தினோம். வெள்ளிக்கிழமை. 'உதிரம் கொடுப்பீர், அம்மன் அருள் பெறுவீர்' என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டோம். அந்த வரியை எழுதியவன் நான். அது தவறு என்று இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

காலை ஒன்பதரை மணிக்கு, ஈரக்கூந்தலில் மல்லிகைச் சரத்தோடு ஒரு பெண் வந்தாள். படிவம் எழுதினாள். எடையும் சரியாக இருந்தது. "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஆடி வெள்ளி, விரதம் சார்." வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் மயக்கம் வரும் என்று அவர் பக்குவமாகத்தான் திருப்பி அனுப்பினார். அவள் சன்னிதிப் பக்கம் பார்த்துக் கண் கலங்கினாள். "என் ரத்தத்தை அம்மன் ஏத்துக்கலையாண்ணா?" என்று என்னிடம் கேட்டாள். அப்படி அவளைக் கேட்க வைத்தது என் வரிதானே?

இன்னொரு ஆபத்தும் அதில் உண்டு. அருள் கிடைக்கும் என்று நம்பி வருகிறவர், போன வாரம் வந்த காய்ச்சலையும் விழுங்குகிற மாத்திரையையும் படிவத்தில் மறைக்கத் துணிவார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குச் சோதனை செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் தொற்று புதிதாக வந்திருந்தால் சில நாட்களோ வாரங்களோ சோதனையில் தெரியாமலே போகலாம். அந்த இடைவெளியில் நோயாளிக்குக் காவல், கொடுப்பவர் சொல்லும் உண்மை மட்டுமே.

அதனால் இந்த முறை முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம். சுவரொட்டியை வாசிக்கிறேன், கேளுங்கள்:

"ரத்ததான முகாம். ஆகஸ்ட் 2, 2026, ஞாயிறு, காலை 9 முதல் 1 வரை. அம்மன் கோயில் வெளிப்பிராகார மண்டபம், தெற்கு வாசல். எல்லா மதத்தவரும் வரலாம். சன்னிதிக்குள் போக வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விரதம் இருப்பவர்கள் வேறொரு நாள் கொடுக்கலாம்."

'சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்பதுதான் இதில் பெரிய எழுத்து. அம்மன் படம் இல்லை, நன்கொடையாளர் படமும் இல்லை. அந்த இடத்தில் தெற்கு வாசலுக்கு ஓர் அம்புக்குறி போடுகிறோம். பள்ளிவாசல் தெருவிலிருந்து வருகிற தம்பி, எந்த வாசல் என்று தயங்கி நிற்கக் கூடாது.

வாட்ஸ்அப் செய்தியில் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு: "வயது 18க்குக் குறையாமல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முன்பு கொடுத்திருந்தால் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் கழிந்திருக்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றால் அது உங்கள் உடல்நலத்துக்காகவும் நோயாளியின் நலத்துக்காகவும்தான்." கடைசி வாக்கியம் அந்தப் பெண்ணுக்காக எழுதியது. செய்தியிலும் ஆண்டை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆடியிலும் அது சுற்றிவரும்; யாராவது பூட்டிய மண்டபத்தின் முன் வந்து நிற்பார்கள்.

சுவரொட்டி நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இன்றிரவுக்குள் பிழை கண்டால் சொல்லுங்கள்.