இளங்கொடியைத் தொடும் முன்

ஆசிரிய நண்பர்களே, தென்காசி, குற்றாலம் பக்கம் மாடு ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உண்டு. சினையின் 7ஆம் மாதத்தில் மாடு கன்று வீசினாலோ, 4ஆம் மாதத்தில் ஆடு குட்டி வீசினாலோ அப்படிச் செய்யக்கூடாது. அது புருசெல்லா கிருமியால் வரும் கன்று வீச்சு நோயாக இருக்கலாம்.

இளங்கொடியிலும் பனிக்குட நீரிலும் அக்கிருமி நிறைந்திருக்கும். கைக்கீறல் வழியே உடலுக்குள் போகும். கண்ணில் தெறித்தாலும் தொற்றும். முதலில் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அவர் மாதிரி எடுத்தபின், கையுறையும் முகக்கவசமும் அணிந்த பெரியவர் ஒருவர் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கட்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் விலகியிருக்கட்டும்.

காய்ச்சல் சில வாரம் கழித்தும் வரலாம். விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி என்று மாணவர் விடுப்பெடுத்தால், “வீட்டில் மாடு கன்று வீசியதா?” என்று கேளுங்கள். ஆம் என்றால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.